ஒரே நாரைக்கு இரண்டு பெயர்: நம் செய்தி மடலுக்கு எழுதும் அன்பர்களுக்கு



சென்ற இதழ் அச்சாகி வந்த பிறகு உங்களில் இருவர், ஒருவர் நேரிலும் மற்றவர் கடிதத்திலுமாக, ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு குறைகளை என்னிடம் தெரிவித்தீர்கள். கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர், தம் கட்டுரையில் கைவைக்கப்படாத வரி ஒன்றுகூட இல்லை என்றும், அச்சில் பார்த்தபோது அதைத் தாம்தான் எழுதினோமா என்ற சந்தேகமே வந்துவிட்டது என்றும் வருத்தப்பட்டார். ஓய்வுபெற்ற தமிழாசிரியரான பெரியவரோ, மடலின் 12 பக்கங்களையும் ஒருசேரப் படிக்கும்போது ஒரே வீட்டில் எட்டுக் குடித்தனம் இருப்பது போலத் தோன்றுகிறது என்றும், திருத்துகிறவர் இன்னும் சிரத்தை எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் எழுதியிருந்தார். இரண்டு அபிப்பிராயங்களிலும் நியாயம் இருக்கிறது. பலரும் எழுதும் ஒரு பத்திரிகையில் எதைச் சமன்செய்ய வேண்டும், எதைத் தொடாமல் விட்டுவிட வேண்டும் என்று நான் கைக்கொண்டுவரும் முறையை இதுவரை உங்களுக்கு நான் விளக்கிச் சொன்னதில்லையாதலால், அடுத்த இதழுக்கு நீங்கள் பேனாவை எடுப்பதற்கு முன்பே அதைச் சொல்லிவிடுவது என் கடமை என்று கருதி இந்த மடலை எழுதுகிறேன்.

நீர்ப்பறவைக் கணக்கெடுப்பைப் பற்றி வந்த கட்டுரைகளிலிருந்தே தொடங்குகிறேன். ஆசியாவில் 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நடந்துவரும் அந்தக் கணக்கெடுப்பில் நாமும் பங்குகொண்டு, உங்களில் நால்வர் நான்கு நீர்நிலைகளைப் பற்றி எழுதிக் கொடுத்தீர்கள். அவற்றுள் ஊசுடு ஏரிக்குப் போனவர் தாம் கண்டது மஞ்சள்மூக்கு நாரை என்று எழுதியிருந்தார். மரக்காணத்துக்குப் பக்கத்துச் சதுப்புநிலத்துக்குப் போனவர் சங்குவளை நாரை என்று எழுதியிருந்தார். இரண்டும் ஒரே பறவைக்கு வழங்கும் பெயர்கள். இரண்டும் நல்ல பெயர்களே. ஆனால் ஒரே இதழின் இரண்டாம் பக்கத்தில் ஒன்றையும் ஐந்தாம் பக்கத்தில் மற்றொன்றையும் படிக்கிற வாசகர், ஊசுட்டில் ஒருவகை நாரையும் மரக்காணத்தில் வேறொருவகை நாரையும் வந்து இறங்கியிருப்பதாகத்தானே எண்ணிக்கொள்வார்? எழுதிய இருவரில் எவரும் தவறு செய்யவில்லை. இரண்டையும் ஒன்றாகத் தைத்த இடத்தில்தான் தவறு பிறக்கிறது. இதுபோலவே அந்தச் சதுப்புநிலத்தின் பெயர் ஒரு கட்டுரையில் கழுவெளி என்றும் இன்னொன்றில் கழுவேலி என்றும் வந்தது. ஊசுடு ஏரி வேறொருவர் கையில் ஊசுட்டேரி ஆயிற்று. நடை வேற்றுமை என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடும் விஷயங்களில் பெரும்பகுதி இப்படிப்பட்டதுதான் என்பது என் அனுபவம். பெரியவருக்கு எட்டுக் குடித்தனமாகத் தோன்றியதற்குக் காரணம் எட்டுப் பேரின் குரல் அன்று. எட்டுப் பேரும் ஒரே பொருளை எட்டுப் பெயரால் அழைத்ததுதான்.

ஆகையால் நான் முதலில் செய்வது திருத்தமே அன்று. எல்லாக் கட்டுரைகளும் வந்து சேரும் வரையில் காத்திருந்து, பேனாவைத் தொடாமல் அனைத்தையும் ஒரே அமர்வில் படித்துவிடுகிறேன். கட்டுரைகளை வரவரத் திருத்திக்கொண்டே போனால், முதலில் வந்தவருடைய பெயர்வழக்கே மற்றவர்களுக்கும் சட்டமாகிவிடுகிறது. அல்லது, முதற்கட்டுரையில் எதைத் திருத்தினோம் என்பது ஆறாவது கட்டுரைக்கு வரும்போது மறந்துபோகிறது. ஒரே அமர்வில் படிக்கும்போதோ ஊர்ப்பெயர், பறவைப்பெயர், அளவு, தேதி ஆகியவை எங்கெங்கே முட்டிக்கொள்கின்றன என்பது தானாகவே தெரிந்துவிடுகிறது. அவற்றை ஒரு தாளில் இரண்டு பத்தியாகப் பிரித்து, நாம் எழுதப்போவது இடப்பக்கத்திலும், நாம் விட்டுவிட்ட வடிவங்கள் வலப்பக்கத்திலுமாகக் குறித்துக்கொள்கிறேன். பெயர்ப்பட்டி என்று நான் அழைக்கும் அந்தத் தாள் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது என்பது என் பிடிவாதம். தாண்டினால் எழுதுகிற உங்களில் ஒருவரும் அதைப் பார்க்கமாட்டீர்கள்.

இங்கே நான் செய்த பிழை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இரண்டாண்டுகளுக்கு முன் ஒருவர் சின்னக் கொக்கு என்றும் மற்றொருவர் உண்ணிக்கொக்கு என்றும் எழுதியிருந்ததைப் பார்த்து, இதுவும் ஒரே பறவைக்கு இரண்டு பெயர்தான் என்று நான் துணிந்து, எல்லா இடங்களிலும் உண்ணிக்கொக்கு என்று மாற்றிவிட்டேன். மாடுகளின் பின்னால் நடந்து பூச்சி பொறுக்கும் மஞ்சள் அலகுடைய உண்ணிக்கொக்கு வேறு. கறுத்த அலகும் மஞ்சள் விரல்களும் உடைய சின்னக் கொக்கு வேறு. இரண்டு பறவைகளின் எண்ணிக்கையும் ஒன்றாகக் கலந்து அச்சாகி, அடுத்த இதழில் திருத்தம் வெளியிட நேர்ந்தது. எழுதியவரை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அது நிகழ்ந்திராது. அன்று முதல், ஒரு பெயர்ச்சொல்லை மாற்றுவதற்கு முன் எழுதியவரைக் கேட்காமல் இருப்பதில்லை என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். ஆதலால், நான் இரவில் தொலைபேசியில் அழைத்து, நீங்கள் பார்த்த கொக்கின் அலகு என்ன நிறம் என்று கேட்டால், உங்கள் அறிவில் எனக்கு ஐயம் என்று தயவுசெய்து எண்ணிவிட வேண்டாம்.

இனி, வருத்தப்பட்ட தம்பியின் கட்டுரைக்கு வருகிறேன். அவருடைய அனுமதியுடன் அதன் தொடக்கத்தை அவர் எழுதிய வண்ணமே இங்கே தருகிறேன்:

“ஜனவரி மாசம் காலைல 6 மணிக்கு ஏரிக்கு போனோம். பனி ஜாஸ்தியா இருந்ததால ஒன்னும் தெரியல. கொஞ்ச நேரத்தில் தண்ணிக்கு மேல தீ பத்தின மாதிரி சூரியன் வந்தது. அப்போதுதான் பார்த்தோம், நாங்கள் மரக்கட்டை என்று நினைத்ததெல்லாம் நாரைகள், ஒற்றைக் காலில் நின்று கொண்டிருந்தது. சுமார் 43 நாரைகள் எண்ணப்பட்டது.”

அச்சில் வந்தது இது:

“ஜனவரி மாதம் காலை 6 மணிக்கு ஏரிக்குப் போனோம். பனி அதிகமாக இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் தண்ணீருக்கு மேல் தீப்பற்றியது போலச் சூரியன் வந்தது. அப்போதுதான் பார்த்தோம், நாங்கள் மரக்கட்டை என்று நினைத்தவையெல்லாம் நாரைகள். ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தன. 43 நாரைகளை எண்ணினோம்.”

எல்லா வரிகளிலும் கை பட்டிருக்கிறது என்பது உண்மைதான். ஆயினும் எங்கே பட்டிருக்கிறது என்று சற்று நிதானமாகப் பார்க்க வேண்டுகிறேன். மாசம், காலைல, தெரியல, மேல என்பன பேச்சில் திரிந்தும் குறைந்தும் ஒலிக்கும் வடிவங்கள். மற்ற ஏழு கட்டுரைகளும் எழுத்துவழக்கில் இருக்கும்போது இது ஒன்று மட்டும் பேச்சுவழக்கில் நின்றால், படிக்கிறவருக்கு அது தம்பியின் குரலாகத் தோன்றாது, தம்பியின் குறையாகத் தோன்றும். மாறாக, ‘போனோம்’ என்பதை நான் ‘சென்றடைந்தோம்’ என்று ஆக்கவில்லை. ‘சூரியன் வந்தது’ என்பதை ‘ஞாயிறு உதித்தது’ என்று உயர்த்தவில்லை. ‘அப்போதுதான் பார்த்தோம்’ என்று நிறுத்தி, பார்த்ததைப் பிறகு சொல்லும் அந்த வாக்கிய அமைப்பைக் கலைக்கவில்லை. மரக்கட்டையென்று நினைத்தது நாரையாக மாறுகிற அந்தக் கணத்தை எழுதிக்காட்டியவர் தம்பிதான். இலக்கண சுத்தமான வாக்கியமாக அதை நேராக்கியிருந்தால் அந்தக் கணமே போயிருக்கும். சொல்லின் உருவத்தில் கை வைப்பேன், ‘ஜாஸ்தி’, ‘மாதிரி’ போன்ற பேச்சுச் சொற்கள் நீங்கலாகச் சொல்லைத் தேர்ந்தெடுத்ததிலும் அடுக்கியதிலும் கை வைக்கமாட்டேன் என்பதுதான் அங்கே நான் போட்டுக்கொண்ட எல்லை.

‘நாரைகள் நின்றுகொண்டிருந்தது’ என்ற பிழை உங்களில் அநேகமாக எல்லோரிடமும் காணப்படுகிறது. பேச்சில் மாடு வந்துச்சு, மாடுகள் வந்துச்சு என்று ஒருமைக்கும் பன்மைக்கும் ஒரே வினையை வழங்கிப் பழகிய காது எழுதும்போதும் அதையே சொல்லிக்கொடுக்கிறது. எழுவாயும் வினையும் அடுத்தடுத்து இருந்தால் கண் பிடித்துவிடும். இடையில் ஐந்தாறு சொற்கள் புகுந்துவிட்டால் நல்ல எழுத்தாளரும் தவறிவிடுவார். ஆகவே இந்த ஒரு பிழைக்காக மட்டும் கட்டுரை முழுவதையும் தனியாக ஒருமுறை, வாக்கியத்தின் கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கி எழுவாயைத் தேடிக்கொண்டே போய்ப் படிக்கிறேன். ‘ஏரிக்குப் போனோம்’ என்பதில் சேர்த்த ஒற்றுக்கும் அப்படித்தான் ஒரு தனி வாசிப்பு. ஒற்று மிகும் இடம், மிகா இடம் அனைத்தையும் நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டும் என்று நான் கேட்கவில்லை; ‘ஏரியை’, ‘ஏரிக்கு’ என்பன போல ஐயிலும் குவிலும் முடியும் வேற்றுமைச் சொற்களுக்குப் பின் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும் என்ற ஒன்றை மட்டும் நினைவில் கொண்டால், நான் இடும் ஒற்றுகளில் பெரும்பகுதி குறைந்துவிடும்.

கடைசி வாக்கியம்தான் என்னை மிகவும் யோசிக்கவைத்தது. ‘சுமார்’ என்றால் 40 என்றோ 45 என்றோ முழுமையாக நிற்க வேண்டும். 43 என்றால் ஒவ்வொன்றாக எண்ணியிருக்க வேண்டும். இரண்டில் எது உண்மை என்று என் மேசையில் உட்கார்ந்துகொண்டு தீர்மானிக்க எனக்கு அதிகாரம் இல்லை. தம்பியைக் கேட்டேன், இரண்டு பேர் தனித்தனியே எண்ணி இருவருக்கும் 43 வந்தது என்றார். சுமாரை எடுத்துவிட்டேன். ‘எண்ணப்பட்டது’ என்ற செயப்பாட்டு வினையையும், எண்ணியவர்கள் நீங்களே ஆதலால், ‘எண்ணினோம்’ என்று ஆக்கினேன். வேறொரு கட்டுரையில் ‘நிறைய வாத்துகள்’ என்று மட்டும் இருந்தது. கேட்டபோது அவர் எண்ணவில்லை என்றார். அதை அப்படியே விட்டுவிட்டேன். மற்றக் கட்டுரைகளில் எண்கள் இருக்கின்றன என்பதற்காக இதிலும் ஓர் எண்ணைப் போட்டு நிரவுவது சமன்செய்வதாகாது, பொய்யாகிவிடும்.

தேர்ந்த எழுத்தாளர்களுடைய கட்டுரைகளில் நான் கை வைப்பதே இல்லை என்ற எண்ணம் உங்களில் சிலருக்கு இருப்பதாக அறிகிறேன். அது உண்மை அன்று. பெரியவருடைய கட்டுரையில் நீண்டு செல்லும் வாக்கியம் ஒன்று இருந்தது. வாக்கியம் நீளமாக இருப்பது மட்டும் அதை வெட்டுவதற்குப் போதிய காரணம் ஆகாது என்பது என் கொள்கை. அதில் ‘படகோட்டி துடுப்பைப் போட்டுப் படகை மெல்ல நெருக்கி, பறவைகள் ஒருசேர எழுந்து பறந்தன’ என்று ஒரு பகுதி. நெருக்கி என்ற எச்சம் தன் கர்த்தாவையே வினைமுற்றுக்கும் தேடும். அப்படிப் பார்த்தால் படகை நெருக்கியவை பறவைகள் என்று ஆகிவிடுகிறது. வேகமாகப் படிக்கிறவர் பொருளை ஊகித்துக்கொண்டு போய்விடுவார். ஆனால் அந்த இடத்தில் ஏதோ தடுக்கியது என்று மட்டும் அவருக்குத் தோன்றும். நான் வாக்கியத்தை இரண்டாக்கவில்லை. ‘நெருக்கி’ என்பதை ‘நெருக்கவே’ என்று மாற்றினேன். கர்த்தா மாறுவதற்கு அந்த எச்சம் இடம் கொடுக்கும். வாக்கியம் பெரியவருடைய நீளத்திலேயே, அவருடைய கம்பீரத்துடனேயே நின்றது. கர்த்தா மாறாத வரையில் எத்தனை எச்சங்கள் வேண்டுமானாலும் தொடரட்டும்; மாறுகிற இடத்தில்தான் திருத்துகிறவன் விழித்துக்கொள்ள வேண்டும்.

இலக்கணத்தைக் காட்டிலும் நான் கண்டிப்பாக இருக்கும் இடம் ஒன்று உண்டு. சென்ற இதழுக்கு வந்த கட்டுரைகளில் வனத்துறை அதிகாரி ‘அவர்கள் தெரிவித்தார்கள்’. பள்ளித் தலைமையாசிரியை ‘கூறினார்’. வலை வீசிக்கொண்டிருந்த மீனவர் ‘சொன்னான்’. எழுதிய மூவரும் நல்லவர்கள். எவரையும் இழிவு செய்வது அவர்கள் உத்தேசம் அன்று. தனித்தனியாகப் படித்தால் ஒன்றும் உறுத்தாது. மூன்றையும் ஒரே தாளில் அச்சிட்டு, அந்த மீனவருடைய வீட்டிலும் ஒரு பிரதியைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். நாரைகள் எந்த மாதத்தில் வருகின்றன, எந்த மரத்தில் அடைகின்றன என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். நம் மடலில் வயதுவந்த எவரும், அவர் யாராக இருந்தாலும், ‘சொன்னார்’ என்றே வருவார். ஒருவருக்கு மட்டும் ‘அவர்கள்’ என்ற சொல் சேராது. நன்றியுரையில் நீங்கள் எத்தனை ‘அவர்கள்’ வேண்டுமானாலும் எழுதுங்கள், அது உங்கள் அன்பு, கட்டுரைக்குள் வேண்டாம்.

கணினியில் தேடி ஒரே நொடியில் மாற்றிவிடலாமே என்று சிலர் கேட்கிறீர்கள். பெயர்ப்பட்டியை வைத்துக்கொண்டு நானும் தேடத்தான் செய்கிறேன்; ஆனால் தமிழில் அதை முழுவதும் நம்ப முடிவதில்லை. ‘பறவைகள்’ என்று தேடினால் ‘பறவைகளை’, ‘பறவைகளுக்கு’ என்பவை அகப்படுவதில்லை. கடைசி மெய்யின் புள்ளி நீங்கி அங்கே உயிர்க்குறி ஏறிவிடுவதே காரணம். வேற்றுமை உருபு ஏற்ற வடிவங்களையும் ஒவ்வொன்றாகத் தேட வேண்டியிருக்கிறது. இன்னொரு சங்கடம், ‘ஏரி’ என்பதில் ரகரத்தை அடிக்காமல் துணைக்காலை அடித்து அதன்மேல் மேல்விலங்கை ஏற்றிவிடுவது. திரையிலும் தாளிலும் இரண்டும் பெரும்பாலும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு மட்டும் அது வேறு சொல். தேடல் ஓர் ஏரியைக் கண்டுபிடிக்கவில்லை, கண்ணுக்கோ தெரிகிறது என்றால், அந்தச் சொல்லை அழித்துவிட்டுப் புதிதாக அடித்துவிடுவதே வழி. எல்லாவற்றையும் ஒரே விசையில் மாற்றும் வசதியை நான் உபயோகிப்பதில்லை. ஒவ்வோர் இடத்தையும் பார்த்துத்தான் மாற்றுகிறேன். உண்ணிக்கொக்கு கற்றுக்கொடுத்த பாடம் அது.

சமன்செய்கிறவனுக்கு வரக்கூடிய பெரிய நோய், தன் நடையையே எல்லோருக்கும் பூசிவிடுவது. ‘ஆயினும்’, ‘ஆகவே’ என்பவை எனக்குப் பழகிய சொற்கள். கவனம் தவறினால் கல்லூரி மாணவர் வாயிலும் ‘ஆயினும்’ வந்து உட்கார்ந்துவிடும். இதைக் கண்டுபிடிப்பதற்கு நான் ஒரு சோதனை செய்கிறேன். எல்லாம் திருத்தி முடித்த பின், எழுதியவர்களுடைய பெயர்களை மறைத்து, ஒவ்வொரு கட்டுரையிலிருந்தும் ஒரு பத்தியை என் மனைவியிடம் உரக்கப் படித்துக் காட்டுகிறேன். உங்கள் எல்லோரையும் அவளுக்குத் தெரியும். யாருடையது என்று அவளால் சொல்ல முடியாத கட்டுரை இருந்தால், மூலப்பிரதியை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு, நான் செய்த மாற்றங்களில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். சென்ற இதழில் தம்பியுடைய கட்டுரையை அவள் முதல் வரியிலேயே கண்டுகொண்டாள் என்பதை அவருக்கு ஆறுதலாகச் சொல்ல விரும்புகிறேன்.

அச்சுக்குப் போகும் முன் நடக்கும் கடைசி வாசிப்பைப் பற்றியும் சிறிது சொல்கிறேன். ஈய எழுத்தைக் கையால் கோத்து அச்சிட்ட நாட்களில், இளைஞனாக ஓர் அச்சகத்தில் நான் புரூப் பார்த்திருக்கிறேன். பத்தியின் நடுவே விடுபட்ட ஒரு சொல்லை நுழைத்தால், அதன்பின் உள்ள வரிகளையெல்லாம் எழுத்து எழுத்தாகத் தள்ளியாக வேண்டும். புதுப் பிழை அந்தத் தள்ளலில்தான் பிறக்கும். ஆதலால், குறித்த இடம் திருந்தியதா என்பதோடு நில்லாமல், பத்தி முடியும் வரையில் மறுபடி படிக்க வேண்டும் என்று அங்கே மூத்தவர்கள் பழக்கினார்கள். இன்று வரிகள் தாமாகவே தள்ளிக்கொள்கின்றன. ஆனால் ஒரு சொல்லை மாற்றிவிட்டு, அதைச் சார்ந்த வினையையும் ஒற்றையும் மாற்ற மறப்பது இன்றும் அப்படியேதான் இருக்கிறது. எண்களை மட்டும் தனியொருவனாகச் சரிபார்க்க முடிவதில்லை. உங்கள் களக்குறிப்பேட்டை ஒருவர் கையில் வைத்துக்கொண்டு உரக்கப் படிக்க, நான் அச்சுத்தாளில் விரலை வைத்துப் பின்தொடர்கிறேன். 43ஐ ‘நாற்பத்து மூன்று’ என்று காதால் கேட்கும்போது, 34 என்று மாறி அச்சாகியிருப்பதைக் கண் தப்பவிடாது. தலைப்புகளை எல்லாவற்றுக்கும் கடைசியில், மறுநாள் காலையில், அவற்றை மட்டுமே பார்க்கிறேன். பெரிய எழுத்தில் பிழை இராது என்று மனம் தானாகவே நம்பிவிடுகிறது.

அடுத்த இதழுக்கான கட்டுரைகளை அவரவர் நடையிலேயே எழுதுங்கள். மற்றவர் எப்படி எழுதுகிறார் என்று பார்த்து எழுத வேண்டியதில்லை. களக்குறிப்பேட்டையும் உடன் அனுப்பிவிடுங்கள். நான் செய்த மாற்றங்கள் தெரியும்படியான பிரதி, அச்சுக்குப் போவதற்கு நான்கு நாள் முன்னதாக இனி ஒவ்வொருவருக்கும் வந்துவிடும். இதுவரை அப்படி அனுப்பாதது என் தவறு, தம்பியின் வருத்தத்துக்கு அதுவே காரணம். பெயர்ப்பட்டியில் இரண்டு இடங்களை இன்னும் காலியாக விட்டிருக்கிறேன். மஞ்சள்மூக்கு நாரையா, சங்குவளை நாரையா என்பது ஒன்று. ‘நத்தை குத்தி நாரை’ என்பதைப் பிரித்து எழுதுவதா, சேர்த்து எழுதுவதா என்பது மற்றொன்று. வருகிற ஞாயிறன்று ஏரிக்கரையில் கூடும்போது இரண்டையும் நீங்களே தீர்மானித்துச் சொல்லிவிட்டால், அன்று மாலையே பட்டியைப் படியெடுத்து எல்லோருக்கும் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மடலைத் திருத்துகிறவன்